வாட்சன், கிரிக், நேச்சர், 1953: எந்தக் கட்டுரை?

"வாட்சன், கிரிக், நேச்சர், 1953. இதை மேற்கோள் பட்டியலில் எப்படிப் போடுவது?" ஆய்வேடு முடிக்கும் மாணவர்கள் நூலகரிடம் இப்படிக் கேட்பது வழக்கம். எந்த முறையில் எழுத வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். கட்டுரையின் தலைப்பும் பக்கமும் கையில் இருக்காது.

டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் பற்றிய கட்டுரைதானே, உலகத்துக்கே தெரியுமே என்று உடனே எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் அதே ஆண்டில், அதே நேச்சர் இதழில், அதே 171ஆம் தொகுதியில் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஏப்ரல் 25 அன்று வந்தது டிஎன்ஏவின் வடிவத்தைச் சொல்கிறது. பக்கம் 737, 738. மே 30 அன்று வந்தது அந்த வடிவத்தால் மரபுச் செய்தி எப்படிப் படியெடுக்கப்படலாம் என்று விளக்குகிறது. பக்கம் 964 முதல் 967 வரை.

ஆகவே நல்ல நூலகர் முதலில் கேட்பது, "ஆய்வேட்டில் எந்த வாக்கியத்துக்கு இது ஆதாரம்?" என்பதைத்தான். வாக்கியம் வடிவத்தைப் பற்றியதென்றால் ஏப்ரல் கட்டுரை. டிஎன்ஏ தன்னைப் பிரதியெடுப்பதை விரிவாகப் பேசினால் பெரும்பாலும் மே கட்டுரை. ஏப்ரலில் அதற்கு ஒரு கோடி காட்டியதோடு சரி. மாணவரின் குறிப்பேட்டில் பக்கம் 741 என்று இருந்தால் இரண்டுமே இல்லை. ஏப்ரல் இதழின் அந்தப் பக்கம் ரோசலிண்ட் பிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரையைச் சேர்ந்தது. எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் எளிதில் வரும்.

கட்டுரை உறுதியான பிறகுதான் முறை. எம்எல்ஏ முறை இதழ் எண்ணையும் கேட்கும் (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஏப்ரல் கட்டுரைக்கு அது 4356. வான்கூவர் முறையில், ஆய்வேட்டில் வரும் வரிசைப்படி எண் போட்டுக்கொண்டு போகலாம். ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டு வரும். இரண்டு கட்டுரைகளையும் எடுத்தாண்டால் ஆண்டோடு 1953a, 1953b என்று எழுத்துச் சேர்க்க வேண்டும். அந்த எழுத்து வெளியான தேதியைப் பார்த்து வருவதில்லை. ஆங்கிலத் தலைப்பின் அகரவரிசைதான் கணக்கு. அதனால் பிந்தி வந்த மே கட்டுரைக்கு a, முந்திய ஏப்ரல் கட்டுரைக்கு b!

முறை என்னவென்று தெரியவில்லையா? துறையில் வழங்கும் ஒன்றில் எழுதி, அதன் பெயரையும் மேலே குறித்துக் கொடுத்தால் போதும்; மாற்ற வேண்டுமானால் நெறியாளர் சொல்வார். கிடைக்காத விவரத்தை ஊகித்து நிரப்புவதுதான் கூடாது. எந்த முறையானாலும் மாறாதது டிஓஐ எண். ஏப்ரல் கட்டுரையுடையது 10.1038/171737a0. அதற்குள்ளேயே தொகுதி 171, பக்கம் 737 இரண்டும் இருப்பதால், சரியான கட்டுரைதானா என்று அதை வைத்தே சோதித்துவிடலாம்.