கடித்ததை விடும்போது வலிக்கும் பல்

முறுக்கைக் கடிக்கும்போது சுரீரென்று ஒரு வலி. அடுத்த வாயில் ஒன்றுமே இல்லை. விரிசல் விட்ட பல் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். 1964இல் கேமரான் என்ற பல் மருத்துவர் இதற்கு 'விரிசல் பல் நோய்க்குறி' என்று பெயரிட்டார்.

பல்லின் மேல்பூச்சான எனாமலுக்கு அடியில் டென்டைன் இருக்கிறது. அதில் திரவம் நிறைந்த நுண்குழாய்கள் பல்கூழை நோக்கி ஓடுகின்றன. கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் இம்மியளவு விலகும். கடியை விட்டதும் சட்டென்று கூடும். அப்போது குழாய்களுக்குள் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. கடித்ததை விடும் நொடியில் வலிப்பது இதனால்தான். கெட்டியான துணுக்கு ஒன்று விரிசல் விட்ட முகட்டின் மேல் சரியாக விழுந்தால்தான் பல் விலகும் என்பதால், வலி நினைத்தபோது வந்து போகிறது. எந்தப் பல் என்று சுட்டவும் முடியாது. இடத்தைச் சரியாக உணரும் நரம்புகள் பல்லைச் சுற்றியுள்ள நாரிழைகளில் இருக்கின்றனவே தவிர, பல்கூழில் இல்லை.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் பல ஆண்டுகளுக்கு முன் பெரிய வெள்ளி அடைப்பு வைத்துக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. விரிசல் பொதுவாகப் பல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஓடும். கதிரோ கன்னத்தின் பக்கமிருந்து பாய்வதால் அந்த மெல்லிய கோடு படத்தில் விழாது. 'படம் நன்றாக இருக்கிறது' என்று கேட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர். மருத்துவர் ஒரு சிறிய பிளாஸ்டிக் கட்டையை ஒவ்வொரு முகட்டின் மீதும் தனித்தனியே வைத்துக் கடித்து விடச் சொல்வார். ஒரு முகட்டில் மட்டும் பழைய வலி எழுந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுவார். எனாமலோடு நிற்கும் மேலோட்டமான கோட்டைத் தாண்டி ஒளி போய்விடும். அத்தகைய கோடுகள் பெரியவர்களின் பற்களில் சகஜம், பயப்பட வேண்டியதில்லை. ஆழமான விரிசலில் ஒளி அங்கேயே தடைபட்டு மறுபுறம் இருண்டிருக்கும். பழைய அடைப்பை எடுத்துவிட்டு நீலச் சாயம் தடவினால் அடியில் கோடு துலங்கும்.

எலும்பு முறிவைப் போலப் பல் விரிசல் கூடாது. அது மேலும் பரவாமல் கட்டிப்பிடிப்பதே சிகிச்சை. முதலில் பல்லைச் சுற்றி உலோகப் பட்டை போட்டுச் சில வாரம் பார்ப்பதுண்டு. வலி நின்றால் நோயும் உறுதியாகிறது, எல்லா முகடுகளையும் மூடும் 'கேப்' உதவும் என்றும் தெரிகிறது. குளிர்ந்த நீர் பட்டபின் வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, தானாகவே வலித்தாலோ பல்கூழ் கெட்டிருக்கிறது. வேர் சிகிச்சைக்குப் பிறகே கேப். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குத் தூங்கும்போது போட்டுக்கொள்ளும் பாதுகாப்புத் தகடும் தேவைப்படலாம்.

விரிசல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் நல்ல கேப் போட்ட பல்கூட பின்னாளில் வலிக்கலாம். ஈறைச் சுற்றி அளவுக்கம்பியை விட்டுப் பார்க்கும்போது ஒரே ஓரிடத்தில் மட்டும் அது குறுகலாக ஆழத்துக்கு இறங்கினால், விரிசல் வேருக்குள் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பல் இரண்டாகப் பிளந்து வேர்வரை போய்விட்டால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி.