எந்தப் பரீட்சைக்கு டைம்டேபிள்?

நூலகத்து மாலை வகுப்பில் ஒரு பெண் வந்து கேட்டாள்: "சார், போட்டித் தேர்வுக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க." எந்தப் பரீட்சைம்மா என்றேன். "ஏதாச்சும் கவர்மென்ட் வேலை சார்." எப்போது பரீட்சை? "இன்னும் நாள் இருக்கு." துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். காலை ஐந்து மணிக்கு எழு, ஆறு வரை தமிழ், ஏழு வரை கணக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியாக வாங்கிப் போயிருப்பாள். ஆனால் அந்தத் தாள் அவளை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வையே பாருங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தப்பு விடைக்கு மதிப்பெண் குறையாது. மத்திய அரசின் எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்தில் தமிழ்ப் பாடமே இல்லை, ஆங்கிலம் உண்டு. ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, ஒவ்வொரு தப்புக்கும் அரை மதிப்பெண் போய்விடும். குரூப் 4இல் ஒரு கேள்விக்கு 54 நொடி என்றால் இங்கே 36 நொடிதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு ஒன்று, பட்டத்துக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் எப்படி அடக்குவது?

அவளோடு உட்கார்ந்து பேசியதில் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு என்றும், மனதில் இருப்பது குரூப் 4 என்றும் தெரிந்தது. தேதி ஒன்றும் மறைபொருள் இல்லை. டிஎன்பிஎஸ்சி ஒவ்வொரு ஆண்டுக்கும் தேர்வுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. எண்ணிப் பார்த்தோம், 14 வாரம் இருந்தது.

அடுத்து நான் பாடப் புத்தகத்தைத் தொடச் சொல்லவில்லை. பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொன்னேன். குத்துமதிப்பாகப் போட்ட விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தமிழில் 58, பொது அறிவில் 24, கணக்கில் 9. பொது அறிவில் 24 என்றதும் சந்தோஷப்பட்டாள். புள்ளிகளை எண்ணினோம். அந்த 24இல் 13 குத்துமதிப்பு. தெரிந்து எழுதியது 11தான். நான்கு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டாலே 75க்குச் சுமார் 19 சரியாகிவிடும். புள்ளி வைக்காமல் திருத்தியிருந்தால் இந்தப் பள்ளம் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு நேரம். கடை முடிந்து வந்தால் தினம் இரண்டு மணி நேரம், ஞாயிறு ஆறு; வாரத்துக்கு 18. கடைசி மூன்று வாரத்தைத் திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும் ஒதுக்கினால் மீதி 11 வாரம், 198 மணி நேரம். அவளுடைய முழு முதலும் இதுதான். வாரத்தில் பொது அறிவுக்கு ஏழு மணி நேரம் கொடுத்தோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்கள், அதிலும் குடிமையியலில் தொடக்கம். தமிழுக்கு ஐந்து. கணக்குக்கு நான்கு, ஆனால் மொத்தமாக ஒரே நாளில் வேண்டாம், தினம் அரை மணி, ஞாயிறு ஒரு மணி. விழுக்காடு, விகிதம், தனிவட்டி, மீச்சிறு பொது மடங்கு போன்றவை சில தலைப்புகளுக்குள் சுற்றுவதால், இங்கே செலவிடும் நேரம் சீக்கிரம் மதிப்பெண்ணாகும்.

மீதி இரண்டு மணி நேரத்தை ஞாயிறு சாயங்காலம் வெறுமையாக விட்டோம். காய்ச்சல், கடையில் பண்டிகைக் கூட்டம், உறவுக் கல்யாணம் என்று விட்டுப்போனதை எட்டிப்பிடிக்க அந்த இடம். தொடர்ந்து இரண்டு வாரம் அந்த இரண்டு மணி நேரமும் போதவில்லை என்றால் திட்டம் அவள் வாழ்க்கைக்குப் பெரிது. உடனே பாடத்தைக் குறைக்க வேண்டும். எல்லாத் திட்டமும் இப்படித்தான் மெல்ல உடைகிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு மாதம் கழித்து மொத்தமாகக் கைவிடுவார்கள், தங்களுக்குப் படிப்பு வராது என்று வேறு நம்பிவிடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்காது.

இந்தக் கணக்கில் தமிழுக்கு மட்டும் 55 மணி நேரம். அவள் மனதில் இருந்தது எஸ்எஸ்சி தேர்வாக இருந்திருந்தால், இரவு தூக்கத்தை விட்டுப் படித்த அத்தனையும் அந்தத் தாளில் ஒரு மதிப்பெண் தந்திருக்காது.

எந்தப் பரீட்சை என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மட்டும் நான் வேலை சொல்வேன். தினம் ஒரு மணி நேரம் கணக்கு, ஏனென்றால் விழுக்காடும் விகிதமும் டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே மூன்றிலும் வருகின்றன. முதல் ஞாயிறு ஒரு குரூப் 4 தாள், அடுத்த ஞாயிறு ஒரு எஸ்எஸ்சி தாள், இரண்டையும் புள்ளி வைத்து எழுத வேண்டும். வயது வரம்பையும் கல்வித் தகுதியையும் பாடத்திட்டத்தையும் புதிய அறிவிக்கையில் பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். பாடத்திட்டம் இடையில் மாறுவதுண்டு, பழைய கைடை நம்பக் கூடாது. அந்த இரண்டு தாளையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், மூன்றாவது வாரத்துக்கான அட்டவணையை உட்கார்ந்து எழுதலாம்.