ஐடியா கேட்கும் மெயிலில் என்ன இருக்க வேண்டும்?

"வியாழக்கிழமை ஒர்க்‌ஷாப். நம் கம்பெனிக்குள் பயன்படும் புதிய ப்ராடக்ட் ஐடியாக்களோடு எல்லோரும் வாருங்கள்!" டீம் லீட் இப்படி இரண்டு வரியில் மெயில் அனுப்பினால் அந்த வியாழக்கிழமை எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமல்ல. அறையில் பத்துப் பேர் இருப்பார்கள், இரண்டு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மேலாளர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த யோசனையே கடைசியில் பலகையில் நிற்கும்.

கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற நம்பிக்கையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை நடத்திய அலெக்ஸ் ஆஸ்பர்ன். சராசரி மனிதர் தனியாக இருப்பதைவிடக் குழுவில் இருக்கும்போது இரண்டு மடங்கு யோசனைகள் சொல்வார் என்று எழுதினார். 1958-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். முடிவு நேர்மாறாக வந்தது: தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால், ஒன்றாக உட்கார்ந்த நால்வரின் பட்டியலைவிடப் பெரிதாக இருந்தது.

ஏன்? கூச்சமா, சோம்பலா? 1987-ல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, முன்னால் விளக்குகளைப் பொருத்தினார்கள். வேறொருவர் பேசும்போது விளக்கு எரியும். அது அணையும்வரை காத்திருக்க வேண்டும். பார்ப்பவர் யாரும் எதிரில் இல்லை, ஆனாலும் யோசனைகள் வெகுவாகக் குறைந்தன. விளக்கைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. பெரிய தடை, முறைக்காகக் காத்திருப்பதுதான். தன் முறை வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அல்லது சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்று தோன்றிவிடுகிறது.

ஆகவே யோசனைகளை அறைக்கு வெளியே, எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேண்டியது அழைப்பு மெயில்தான். உதாரணத்துக்கு ஒன்று:

"வியாழன் 3 மணிக்குக் கூடுகிறோம், ஒன்றரை மணி நேரம். செவ்வாய் மாலைக்குள் ஆளுக்கு ஒரு சிக்கலை எழுதி அனுப்புங்கள். தீர்வு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு வரி போதும்: யார் அவதிப்படுகிறார், எப்போது, இப்போது எப்படிச் சமாளிக்கிறார், எவ்வளவு நேரம் வீணாகிறது. பெயர்களை எடுத்துவிட்டுப் புதன்கிழமை எல்லோருக்கும் அனுப்புவேன். தேர்வாகும் ஒன்றுக்கு இரண்டு பேரை இரண்டு வாரம் ஒதுக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். சம்பள விவரங்களைத் தொடும் எதையும் இம்முறை எடுக்க முடியாது."

இதில் ஐடியா என்ற சொல்லே இல்லை. ஐடியா கேட்டால் 'ஒரு ஆப் செய்யலாம்', 'ஒரு டாஷ்போர்டு வைக்கலாம்' என்று வரும். சிக்கலைக் கேட்டால் வேறு மாதிரி வரும். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "புதிதாகச் சேர்பவருக்கு ஐந்து சிஸ்டங்களில் அனுமதி வேண்டும். ஐந்தும் ஐந்து பேர் கையில். எது யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் தினமும் எல்லோருக்கும் மெயில் போடுகிறார். முதல் வாரத்தில் பாதி இதிலேயே போகிறது." இதைப் படித்ததும் தேவை என்ன என்று தெரிந்துவிடுகிறது: கோரிக்கை யாரிடம் நிற்கிறது என்று காட்டும் ஒரே பட்டியல். முதலில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு ஷீட் போட்டு, அடுத்து சேரும் இரண்டு மூன்று பேருக்கு அதை வைத்தே ஓட்டிப் பார்க்கலாம். அனுமதி தருபவர்கள் அதை நிரப்பாமலே விட்டால், எவ்வளவு அழகான மென்பொருள் செய்தாலும் நிரப்பப்போவதில்லை. இரண்டு வார உழைப்பு மிச்சம்.

பெயரை எடுப்பதற்கும் காரணம் உண்டு. 'சீனியர் சொன்னது' என்ற எடை போய், சிக்கல் மட்டும் மிஞ்சும். ஆனால் சிறிய டீமில் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அறையில் டீம் லீட் தன் கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. வாக்கெடுப்பையும் கைதூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்கலாம்.

மெயில் வேலை செய்ததா என்பது செவ்வாய் மாலையே தெரியும். வந்தவை எல்லாம் ஆப், போர்ட்டல் என்றே இருந்தால் கேள்வி சரியாகப் போய்ச் சேரவில்லை. ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்து மறுபடி அனுப்பலாம். இரண்டே பதில்தான் வந்தது என்றால், போன தடவை சொன்னவை என்ன ஆயின என்று யாருக்கும் சொல்லப்படவில்லையா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து, ஒர்க்‌ஷாப் முடிந்த வாரத்திலேயே இன்னொரு மெயில்: எடுத்துக்கொண்டது எது, எடுக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம்.