சுவரில் திட்டுத் திட்டாக வெளிச்சமா? லைட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!

ராஜபாளையம், தளவாய்புரம் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இப்போது முகப்பு லைட் போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர் ஆசையாக 50 வாட்ஸ் ஃப்ளட் லைட் வாங்கித் தருவார். அதைச் சுவரை ஒட்டித் தரையில் பொருத்துவார்கள். ராத்திரி சுவிட்சைப் போட்டால், சுவரின் அடியில் கண் கூசும் வெள்ளைத் திட்டு, மாடியில் இருட்டு. 100 வாட்ஸாக மாற்றினாலும் இதே கதைதான். திட்டு இன்னும் வெளுக்குமே தவிர, மாடிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் குறையாது.

ஏன் இப்படி?

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதோடு, மேலே போகப்போக ஒளி சுவரில் நேராக விழாமல் சாய்வாக உரசிக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்துதான் மாடியை இருட்டாக்குகின்றன.

20 அடி உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒளி வீசும் ஒரு பல்பை, சுவரிலிருந்து 1 அடி தள்ளித் தரையில் வைத்தால், சுவரின் அடியில் விழும் வெளிச்சம் உச்சியில் விழுவதைப்போல சுமார் 8,000 மடங்கு! அதே பல்பை 5 அடி தள்ளி வைத்தால் வித்தியாசம் சுமார் 70 மடங்காகக் குறைந்துவிடும். பல்பை மாற்றவில்லை, நான்கடி நகர்த்தினோம், அவ்வளவுதான்.

மீதியை லென்ஸ் பார்த்துக்கொள்ளும்!

70 மடங்கும் அதிகம்தான். அதைக் குறைப்பது, லைட்டைத் திருப்பி வைக்கும் கோணம். லென்ஸ் உள்ள அப்லைட்டில் நடுப்பகுதி ஒளிதான் பலமானது, ஓரத்தில் மங்கும். பலமான நடுவைச் சுவரின் முக்கால் உயரத்துக்கு, அதாவது 15 அடிக்குக் குறிவைத்தால், நெடுந்தூரம் போக வேண்டிய இடத்துக்குப் பலமான ஒளி போகும். பக்கத்தில் இருக்கும் அடிச்சுவருக்கு ஓரத்து மங்கல் ஒளி போதும். உச்சிக்கே குறிவைத்தால், பாதி ஒளி வானத்துக்குப் போய் வீணாகும்.

அடுத்தது, லைட்டுகளுக்கு இடையிலான தூரம். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ, ஏறக்குறைய அதே இடைவெளிதான் ஒரு லைட்டுக்கும் அடுத்ததற்கும். 30 அடி அகல முகப்பென்றால், 5 அடிக்கு ஒன்றாக ஆறு சின்ன லைட்டுகள். முதலும் கடைசியும் சுவர் ஓரத்திலிருந்து இரண்டரை அடி உள்ளே இருக்கட்டும். இடைவெளி கூடினால் சுவரில் வளைவு வளைவாக நிழல் விழும். நீளப் பட்டையாக வரும் வால் வாஷரில் எல்.இ.டி.கள் நெருக்கமாக இருப்பதால் அந்த வளைவுகள் தெரியாது.

பளபளப்பான டைல்ஸ் ஒட்டிய சுவரில் இந்தக் கணக்கு பலிக்காது. டைல்ஸ் கண்ணாடி மாதிரி லைட்டையே திருப்பிக் காட்டும். அங்கே ஒளிப்புள்ளிதான் தெரியும். மேட் பெயின்ட் அடித்த சுவர்தான் இதற்குத் தோது.

ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு?

பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலை ராஜகோபுரம், 190 அடிக்கு மேல் நிற்கிறது. நம் கணக்கை அதில் போட்டுப் பார்ப்போம். உயரத்தில் கால் பங்கு என்றால், லைட்டைச் சுமார் 48 அடி தள்ளி வைக்க வேண்டும்.

கோபுரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே போகப்போக ஒவ்வொரு நிலையும் உள்வாங்கும். ஒவ்வொரு நிலையிலும் விளிம்பு துருத்தி நிற்கும். லைட்டை அடிவாரத்தில் ஒட்டி வைத்தால், கீழ் விளிம்பின் நிழல் மேல் நிலையை விழுங்கிவிடும். தள்ளி வைத்தால் நிழல் குட்டையாகும். உச்சிக்கு 10 டிகிரி போலக் குறுகிய ஒளி, கீழ் நிலைகளுக்கு அகன்ற ஒளி எனத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படியும் விளிம்புக்கு மேலே மிஞ்சும் இருட்டுப் பட்டைக்கு, அந்தந்த நிலையிலேயே சின்ன வால் வாஷர்கள் உதவும். பழைய கட்டடத்தில் துளை போடாமல், அவற்றை எடையுள்ள தாங்கியில் உட்கார வைப்பதே நல்லது.

மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் கட்டடத்தின் கோடுகளை வரைகின்றன. நம் ஊர்த் திருவிழா சீரியல் செட்டும் அதே வகை. அங்கே பல்புதான் அழகு. வால் வாஷரில் பல்பு கண்ணிலேயே படக் கூடாது, சுவர் மட்டும்தான் தெரிய வேண்டும்.

போனில் ஒரு டெஸ்ட்

லைட்டைப் பொருத்தும் முன், ஒரே ஒரு லைட்டை ஒயரில் இழுத்து ராத்திரியில் வைத்துப் பாருங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று போன் கேமராவைத் திறந்து, திரையில் சுவரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் இருண்ட பிறகும் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு பாக்கி இருந்தால், லைட்டை இன்னும் ஓர் அடி பின்னுக்கு நகர்த்துங்கள். அடியும் உச்சியும் மெதுவாகச் சேர்ந்தே மங்கினால், அந்த இடத்திலேயே குழி தோண்டச் சொல்லிவிடலாம்.