பி.எம்.இ.ஜி.பி மானியம்: தகுதியும் பணம் வரும் வழியும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் இதை நாடு முழுவதற்கும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் பலர் இதற்காக அணுகுவது மாவட்டத் தொழில் மையத்தை. 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்குத் திருத்தி வெளியிடப்பட்ட இதன் வழிகாட்டு நெறிமுறை நீளமானது. விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மானிய சதவீதத்தை அல்ல. தம்மை விலக்கும் விதி ஏதேனும் அதில் இருக்கிறதா என்பதை.

தொழில் புதியதாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. ஏற்கெனவே இயங்கும் கடைக்கோ பட்டறைக்கோ இந்தக் கடன் கிடையாது. வேறு அரசுத் திட்டத்தில் மானியம் பெற்ற தொழிலுக்கும் இடமில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே மானியம் உண்டு; குடும்பம் என்பது இங்கே கணவனும் மனைவியும். கணவர் முன்பே பெற்றிருந்தால் மனைவியின் விண்ணப்பம் நிற்காது. மது, புகையிலை சார்ந்த தொழில்கள் விலக்குப் பட்டியலில் உள்ளன.

இவற்றைத் தாண்டியவர் வயதையும் படிப்பையும் பார்க்கலாம். 18 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. உற்பத்தித் தொழிலின் திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினாலோ, சேவை அல்லது வணிகத் தொழிலின் மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினாலோ எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். உற்பத்திக்கு 50 லட்சமும் சேவைக்கு 20 லட்சமும் உச்ச மதிப்பு. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. பலருடைய திட்ட அறிக்கை திரும்பி வருவதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது மானிய அளவு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம்; சொந்தப் பங்கு 10 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. இவர்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம்தான்.

ஊராட்சி ஒன்றில் சிறுதானிய மாவு அரைத்துப் பொட்டலமிடும் தொழில் தொடங்க ஒரு பெண் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரங்களுக்கும் கொட்டகைக்கும் 6 லட்சம், நடைமுறை மூலதனம் 2 லட்சம், ஆக மொத்தம் 8 லட்சம். இது உற்பத்தித் தொழில். 10 லட்சத்துக்குள் இருப்பதால் படிப்புச் சான்று தேவையில்லை. அவர் போட வேண்டிய சொந்தப் பணம் 40,000 ரூபாய். மீதி 7,60,000 ரூபாயையும் வங்கி கடனாகத் தரும். மானியம் 35 சதவீதம், அதாவது 2,80,000 ரூபாய்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். அந்த 2,80,000 ரூபாய் அவர் கைக்கு வராது. கடன் கொடுத்த கிளையில் அவர் பெயரில் 3 ஆண்டுகளுக்கு வைப்பு ரசீதாக இருக்கும். அதற்கு வட்டி கிடைக்காது. அதே அளவு கடனுக்கு வங்கி வட்டி வாங்கவும் கூடாது. எனவே தொடக்கத்தில் வட்டி ஓட வேண்டியது 4,80,000 ரூபாய்க்கு மட்டுமே. கடன் கணக்கு விவரத்தில் முழு 7,60,000 ரூபாய்க்கும் வட்டி போடப்பட்டிருந்தால் உடனே கிளையில் எழுத்துமூலம் கேட்க வேண்டும். 3 ஆண்டுகளுக்குப் பின் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். தொழில் நடந்துகொண்டிருந்தால் மானியம் கடனில் கழிக்கப்படும். இல்லையேல் திரும்பப் போய்விடும்.

மோசடியை இனங்காணவும் இந்த விவரம் உதவும். மானியத்தைச் சொந்தக் கணக்கில் போட்டுவிடுவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்பவர் பொய் சொல்கிறார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகர் எவரையும் ஆணையம் நியமிக்கவுமில்லை. kviconline.gov.in தளத்தில் விண்ணப்பதாரரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடப்பு நெறிமுறை எது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஆதார், திட்ட அறிக்கை, சாதி அல்லது சிறப்புப் பிரிவுச் சான்று, கிராமப் பகுதிச் சான்று ஆகியவற்றை முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மாவட்டத் தொழில் மையம் விண்ணப்பத்தைச் சரிபார்த்து வங்கிக்கு அனுப்பினாலும், கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது வங்கிதான். அது மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். குறை திட்ட அறிக்கையிலா, பழைய கடன் பாக்கியிலா என்று அப்போதுதான் தெரியும். 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பது ரிசர்வ் வங்கியின் விதிக்கு முரண். அப்படிக் கேட்டாலோ, பதிலே தராமல் இழுத்தடித்தாலோ முதலில் அந்த வங்கியிடமே புகார் எழுதி ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாள்களில் தீர்வு இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் தொழில் லாபம் தராது என்று வங்கி தன் கணிப்பில் மறுத்திருந்தால் அந்த முடிவைக் குறைதீர்ப்பாளர் மாற்றமாட்டார். அப்போது அறிக்கையைத் திருத்தி வேறு வங்கியை அணுகுவதே வழி. அரசு அலுவலகத்திலோ பொதுத்துறை வங்கியிலோ கோப்பு எங்கே நிற்கிறது என்று அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு கொடுக்கலாம். அதற்கு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.