சிரிஞ்சுக்குள் அடைத்த காற்று

ஊசி இல்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சின் தண்டை 20-ஆம் கோடு வரை இழுத்து, அதன் முனையைச் சிறு குழாய் வழியாக ஒரு பிரஷர் சென்சாரில் மாட்டுங்கள். 1662-ல் ராபர்ட் பாயில் வளைந்த கண்ணாடிக் குழாயையும் பாதரசத்தையும் வைத்து அளந்ததை, இந்தச் சாமான்களை வைத்தே அளந்துவிடலாம். அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் விடை மாறாது என்பது விதி. வெப்பநிலை மாறக்கூடாது, காற்று கூடவோ குறையவோ கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் அதோடு சேர்ந்தவை. சிரிஞ்சில் தகராறு பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

ஆனால் முதலில் கண்ணில் படும் பிழை வேறொன்று. 20 மில்லியில் சென்சார் 101 கிலோபாஸ்கல் காட்டுகிறது, பெருக்கினால் 2020. தண்டை 10 மில்லிக்கு அழுத்துகிறோம். 202 வரவேண்டிய இடத்தில் 192.8 வருகிறது, பெருக்கல் 1928. 5 மில்லியில் 353.5, பெருக்கல் 1768-க்கு இறங்கிவிடுகிறது. காற்று கசிகிறது என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். தண்டைப் பழைய 20-ஆம் கோட்டுக்கே கொண்டுவந்து பாருங்கள். மறுபடி 101 வந்தால் காற்று எங்கும் போகவில்லை. குழாயிலும் முனையிலும் இருக்கும் காற்றைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை. சிரிஞ்சின் கோடுகள் அந்தக் காற்றை எண்ணுவதில்லை. மேலே சொன்ன அளவுகளில் ஒவ்வொரு கன அளவோடும் 1 மில்லியைக் கூட்டிப் பெருக்குங்கள்: 101 × 21, 192.8 × 11, 353.5 × 6. மூன்றும் 2121-ஐ ஒட்டியே வரும்.

திரும்பி வரும்போது 101-க்குப் பதில் 98 காட்டினால் கதை வேறு. வெப்பநிலை மாறாமல் இருந்தால், உள்ளிருந்த காற்றில் சுமார் 3 சதவீதம் வெளியேறிவிட்டது என்று பொருள். தண்டின் நுனியிலுள்ள ரப்பரைச் சுற்றியோ, குழாய் மாட்டும் இடத்திலோதான் வழக்கமாகக் கசியும். இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரப்பருக்குத் துளி சிலிகான் கிரீஸ் போதும். அதிகம் தடவினால் குழாய்க்குள் போய்ச் சேரும்.

வெப்பம் இன்னும் தந்திரமானது. தண்டைச் சட்டென்று அழுத்தினால் காற்று சூடாகும். வெப்பம் துளியும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், பாதியாக அழுத்தும்போது அழுத்தம் இரண்டு மடங்கல்ல, சுமார் 2.6 மடங்கு எகிற வேண்டும். சிரிஞ்சின் சுவர் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்வதால் அவ்வளவு தூரம் போகாது. முதலில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டி, பிறகு இறங்கி நிற்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டிலும் தண்டை நிறுத்தி, எண் அசையாமல் நின்றபின் குறித்துக்கொள்ள வேண்டும். அரை நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சிரிஞ்சை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பதும் கூடாது. 27 டிகிரியில் இருக்கும் காற்று 30 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஒரு சதவீதம் ஏறும். 193 கிலோபாஸ்கலில் அது கிட்டத்தட்ட 2.

பாயிலும் இதைத் தொட்டுப் பார்த்தவர்தான். அழுத்திய காற்றிருந்த பகுதியில் ஈரத்துணி போர்த்திப் பார்த்தார், மெழுகுவத்திச் சுடரை அருகே காட்டிப் பார்த்தார். குளிரின் விளைவு நம்பிச் சொல்லும் அளவுக்குத் தெளிவாக இல்லை, சூட்டின் விளைவு அதைவிடத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்.

அழுத்தியபின் எண் இறங்கிக்கொண்டே போனால் அது கசிவா, சூடு தணிவதா? சூடு தணிவதென்றால் வேகம் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும், கசிவு நிற்காது. தண்டை வெளியே இழுத்தும் சோதிக்கலாம். 10-ஆம் கோட்டில் சாதாரணக் காற்றோடு தொடங்கி 20 வரை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும். அப்போது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து எண் ஏறும். ஆக, அழுத்தும்போது இறக்கம், இழுக்கும்போது ஏற்றம்: இரண்டு முறையும் வெளிக்காற்றின் அழுத்தத்தை நோக்கியே நிற்காமல் நகர்ந்துகொண்டிருப்பது கசிவின் அடையாளம். அறையோ கையோ சூடேற்றினால் இரண்டு நிலையிலும் எண் ஏறத்தான் செய்யும்.

சிறு கசிவு எவ்வளவு முயன்றும் நிற்காவிட்டால், 20-லிருந்து 5 வரை போய், அதே கோடுகளில், அதே இடைவெளி விட்டு 20-க்குத் திரும்புங்கள். ஒவ்வொரு கோட்டிலும் கிடைத்த இரண்டு அழுத்தங்களின் சராசரியை எடுத்தால் இழப்பு எல்லாக் கோடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பங்காகிவிடும். பெருக்கல் தொகை கொஞ்சம் குறைந்திருந்தாலும் கோட்டுக்குக் கோடு அதிகம் மாறாது. போன வழிக்கும் வந்த வழிக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் சராசரியை நம்பாமல் சிரிஞ்சை மாற்றிவிடுவது மேல்.