லோகோவுக்கு முன்னால் போர்டுகளை எண்ணுங்கள்

ஒரே ஊரில் கிளினிக்காகத் தொடங்கி, பக்கத்து ஊர்களில் இரண்டு மருத்துவமனைகளை வாங்கிச் சேர்த்துக்கொண்ட ஒரு குழுமம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டடம், மூன்று விதமான போர்டு. எல்லாவற்றையும் ஒரே அடையாளத்துக்குள் கொண்டுவருகிறோம் என்று நான்கு பேர் கொண்ட டிசைன் ஸ்டூடியோ ஒன்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிறது.

இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவின் சுயபுராணத்தில்தான் தொடங்கும். நிர்வாக இயக்குநரோ நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தொகையைப் பார்ப்பார். விவரமானவர்கள் எழுதுவதற்கு முன்பே மூன்று இடங்களுக்கும் நோயாளியைப் போல ஒரு நடை போய்வருவார்கள். “உங்கள் லேப் ரிப்போர்ட்டில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர். இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது இரண்டும் ஒரே மருத்துவமனைதான் என்று நோயாளி விளக்க வேண்டியிருக்கிறது.” முதல் பத்தி இப்படி இருந்தால் அடுத்த பத்தியையும் படிப்பார்கள்.

அடுத்தது கணக்கு. பெயர் எங்கெல்லாம் இருக்கிறது? ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கவர், சீருடை, ஆம்புலன்ஸ், மாடிக்கு மாடி அம்புக்குறிப் பலகை. செலவில் பெரும்பங்கு லோகோ வரைவதில் இல்லை, இவற்றை மாற்றுவதில்தான். ஆகவே வடிவமைப்பு ஸ்டூடியோவின் கட்டணத்தில் அடக்கம், அச்சும் போர்டு செய்து மாட்டுவதும் மருத்துவமனையின் செலவு என்று கடிதத்தில் பிரித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் பின்னால் தகராறுதான். லோகோ மட்டும் மாறினால் வேலை இதோடு முடியும். பெயரும் மாறினால் மருத்துவமனைப் பதிவு, மருந்துக்கடை உரிமம், இன்சூரன்ஸ் ஒப்பந்தங்கள் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். அதற்கான மாதங்களையும் கால அட்டவணையில் சேர்க்காத கடிதத்தை நம்ப முடியாது.

பழைய போர்டில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை இருந்தால், நிர்வாகத்தை அசைக்க அதுவே வலுவான காரணம். அது செஞ்சிலுவை இயக்கத்தின் சின்னம். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் அதைப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி. வரைந்து முடித்த லோகோ யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவருக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளிலிருந்து, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் உரிமை மாறுகிறது என்று கடிதத்திலேயே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.